மாதத் தவணை குறைந்தால் கடன் குறைந்ததாகுமா? பல கடன்களை ஒரே கடனாக மாற்றும் கணக்கு

"மூணு இடத்துல கட்டிக்கிட்டு இருக்கேன், எல்லாத்தையும் ஒண்ணாக்கித் தர்றேன்னு சொல்றாங்க, மாசம் பதினாறாயிரம் கட்டுறது ஐயாயிரத்துச் சொச்சமா ஆயிடுமாம். வட்டியும் குறைவுதான். எடுத்துடட்டுமா?"

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் மூன்று கடன்களையும் வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டி, பக்கத்திலேயே புதுக் கடனின் தவணையை எழுதி வட்டமிட்டிருந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை, ஆனால் நோட்டில் ஒரு எண் விடுபட்டிருந்தது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரும்பாலும் விடுபடுவது அந்த எண்தான், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பல சிறு கடன்களை ஒரே புதுக் கடனால் அடைத்துவிட்டு, அதற்கு மட்டும் தவணை கட்டுவதைக் கடன் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். இது கடனைக் குறைக்கும் வழி என்று ஒரு கூட்டமும், இது மோசடி என்று இன்னொரு கூட்டமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே சரியில்லை. சில கடன்களுக்கு இது நல்லது, சில கடன்களுக்குக் கெடுதல், அதுவும் ஒரே ஆளிடம் இருக்கும் மூன்று கடன்களில் ஒன்றுக்கு நல்லதாகவும் மற்ற இரண்டுக்குக் கெடுதலாகவும் இருக்கலாம். நண்பரின் விஷயத்தில் நடந்தது அதுதான்.

வட்டி என்பது வாடகை

வீட்டு வாடகையை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக எவ்வளவு வாடகை கொடுத்திருப்பீர்கள் என்பது மாத வாடகையை மட்டும் பொறுத்ததா? எத்தனை மாதம் குடியிருந்தீர்கள் என்பதையும் பொறுத்தது. வாடகை குறைவான வீட்டுக்கு மாறிவிட்டு, இரண்டு மடங்கு காலம் தங்கினால், மொத்தச் செலவு கூடத்தான் செய்யும்.

கடனும் அப்படித்தான். வாங்கிய பணத்தில் இன்னும் திருப்பித் தராமல் இருப்பது அசல். அந்தப் பணத்தை வைத்திருப்பதற்குக் கொடுக்கும் வாடகைதான் வட்டி. வட்டி மூன்று விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு அசல் பாக்கி, என்ன விகிதம், எத்தனை மாதம். ஒருங்கிணைப்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் விகிதத்தை மட்டும் பேசுவார்கள். மாதங்களின் எண்ணிக்கையை, அதாவது தவணைக் காலத்தை, அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாதத் தவணை, பேச்சில் இஎம்ஐ என்கிறோமே, அது ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பங்கு இருக்கிறது. முதல் பங்கு அந்த மாத வட்டி. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அசலில் போய்ச் சேரும். அசல் குறையக் குறைய வட்டிப் பங்கு சுருங்கும், அசல் பங்கு பெருகும். அதனால் எந்தக் கடனிலும் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகமாகப் போகும், முடியப்போகும் கடனில் வட்டி கொஞ்சமாகத்தான் மிச்சமிருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மொத்த வட்டியை விகிதமும் காலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன, தவணை முழுவதும் வட்டி இல்லை, அதில் ஒரு பங்கு உங்கள் கடனையே குறைக்கிறது.

நண்பரின் நோட்டு

இப்போது அந்த மூன்று வரிகளுக்கு வருவோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் எண்களை மட்டும் தருகிறேன்.

முதலாவது, கிரெடிட் கார்டு பாக்கி 80,000. மாதத்துக்கு 3 சதவீத வட்டி, மாதம் 5,000 கட்டுகிறார். இரண்டாவது, ஒரு தனிநபர் கடன், 1,20,000 பாக்கி, ஆண்டுக்கு 16 சதவீதம், இன்னும் 24 மாதம், தவணை 5,876. மூன்றாவது, பொருள் வாங்கிய தவணைக் கடன், 40,000 பாக்கி, 15 சதவீதம், இன்னும் 8 மாதம்தான், தவணை 5,285.

மொத்தம் 2,40,000 பாக்கி. மாதம் கட்டுவது 16,161.

அவருக்கு வந்த புதுக் கடன்: 2,40,000, ஆண்டுக்கு 15 சதவீதம், ஐந்து வருடம், தவணை 5,710. செயல்முறைக் கட்டணம் 2 சதவீதம். செயல்முறைக் கட்டணம் என்பது கடனைத் தயார் செய்து தருவதற்கு ஒரு முறை பிடிக்கும் தொகை, இங்கே அது 4,800.

பார்த்தால் நல்ல பேரம் மாதிரித்தான் இருக்கிறது. 15 சதவீதம் என்பது பழைய மூன்றில் எதைவிடவும் அதிகமில்லை. தவணையோ மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. இதில் எப்படி நஷ்டம் வரும் என்றுதான் அவரும் கேட்டார்.

விடுபட்ட எண்ணை அங்கேதான் எழுதினோம். பழைய மூன்று கடன்களையும் அப்படியே கட்டி முடித்தால் இன்னும் எவ்வளவு வட்டி கட்டுவார்? கார்டுக்குச் சுமார் 30,600, அது முடிய 23 மாதம் ஆகும். தனிநபர் கடனுக்கு 21,000. தவணைக் கடனுக்கு வெறும் 2,300. கூட்டினால் ஏறக்குறைய 53,900.

புதுக் கடனுக்கு? தவணை 5,710-ஐ 60 மாதத்தால் பெருக்கி 2,40,000-ஐக் கழித்தால் வட்டி சுமார் 1,02,600. கட்டணம் 4,800-ஐயும் சேர்த்தால் 1,07,400. குறைந்த வட்டி விகிதத்துக்கு மாறி, இரண்டு மடங்கு செலவு செய்யப் பார்த்திருக்கிறார்.

எங்கே போனது அந்தப் பத்தாயிரம்?

தவணை 16,161-லிருந்து 5,710 ஆகிறது, அதாவது மாதம் 10,451 கையில் மிஞ்சுகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதல் மாதத்தை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

பழைய கடன்களில் முதல் மாத வட்டி: கார்டுக்கு 2,400, தனிநபர் கடனுக்கு 1,600, தவணைக் கடனுக்கு 500. மொத்தம் 4,500. புதுக் கடனின் முதல் மாத வட்டி 3,000. ஆக, வட்டியில் உண்மையான லாபம் 1,500. இது மெய்யான லாபம், இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் குறைந்தது 10,451 ஆயிற்றே, மீதி 8,951 என்ன? பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு மாதமும் 11,661 அசலில் போய்க்கொண்டிருந்தது. புதிய ஏற்பாட்டில் 2,710 மட்டும்தான் அசலில் போகும். அந்த வித்தியாசம்தான் 8,951. கடன் குறைந்ததால் கிடைத்த பணம் இல்லை இது, கடனைக் குறைக்காமல் தள்ளிப்போட்டதால் கையில் நின்ற பணம். தள்ளிப்போட்ட அசலுக்கு 60 மாதம் வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

சுருக்கமாக, தவணை குறைவதில் இரண்டு வகை உண்டு. விகிதம் குறைந்ததால் குறைவது லாபம். காலம் நீண்டதால் குறைவது தள்ளிவைப்பு. விளம்பரத்தில் இரண்டும் கலந்து ஒரே எண்ணாகத்தான் வரும், பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

ஒவ்வொரு கடனாக எடுத்துப் பாருங்கள்

மூன்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, இதைப் புதுக் கடனுக்கு மாற்றினால் என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டும்.

தவணைக் கடனை முதலில் பார்ப்போம், அது சுலபம். பழைய விகிதமும் 15, புதிய விகிதமும் 15. அதோடு அது முடியப்போகிற கடன். தொடங்கிய முதல் மாதத்தில் 1,362 வட்டி கட்டியிருக்கிறார், இப்போது 500, கடைசித் தவணையில் 65 மட்டுமே இருக்கும். வலியெல்லாம் தீர்ந்த பிறகு அதை மறுபடி ஐந்து வருடக் கடனாக்குவது, ஓட்டத்தின் கடைசி வளைவில் நின்று திரும்பத் தொடக்கத்துக்கு நடப்பது மாதிரி. விட்டுவிடலாம்.

தனிநபர் கடன் 16 சதவீதம். அதே 24 மாதத்துக்கு 15-க்கு மாற்றினால் மிஞ்சுவது சுமார் 1,370. அதற்குச் செயல்முறைக் கட்டணம் 2,400. இது போதாதென்று அவருடைய ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் 3 சதவீதம் இருந்தது. காலத்துக்கு முன்பே கடனை முடித்தால் கடன் தந்தவர் பிடிக்கும் தொகை அது, 1,20,000-க்கு 3,600. 1,370 மிச்சப்படுத்த 6,000 செலவு செய்ய வேண்டும். இதையும் விட்டுவிடலாம்.

கார்டு மட்டும் வேறு கதை. மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36. கட்டுகிற 5,000-இல் முதல் மாதம் 2,400 வட்டியாகவே போய்விடுகிறது, கடனில் குறைவது 2,600. அந்த 80,000-ஐ மட்டும் 15 சதவீதக் கடனாக மாற்றி, அதே 5,000-ஐக் கட்டினால் முதல் மாத வட்டி 1,000 ஆகிறது, 4,000 கடனைக் குறைக்கிறது. கட்டுவது அதே பணம், ஆனால் 23 மாதத்துக்குப் பதில் 18 மாதத்தில் முடிகிறது. வட்டி 30,600-லிருந்து 9,800 ஆகிறது. கட்டணம் 1,600 போனாலும் சுமார் 19,200 மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் மாதம் கட்டும் தொகை குறையவில்லை. அதனால்தான் முழு லாபமும் நின்றது. எட்டு மாதத்தில் தவணைக் கடன் முடிந்ததும் அந்த 5,285-ஐயும் இதிலேயே சேர்த்துக் கட்டினால் 13 மாதத்திலேயே முடித்துவிடலாம், அப்படி இடையில் கூடுதலாகக் கட்டக் கடன் ஒப்பந்தம் இடம் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"அப்போ மூணு தேதி ஞாபகம் வச்சுக்கணுமே?" என்றார். நியாயமான கவலைதான், தேதி தவறினால் தாமதக் கட்டணம் விழும். ஆனால் அதற்குத் தீர்வு சம்பளத் தேதிக்கு அடுத்த நாளுக்குத் தானியங்கிப் பிடித்தம் கேட்பது. தேதியை ஞாபகம் வைக்கும் தொல்லைக்காக 53,500 கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நீண்ட காலம் சரியாகும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் அது முழு உண்மை ஆகாது. வருமானம் குறைந்துபோய், மாதம் 16,161 கட்டவே முடியாத நிலை என்று வைத்துக்கொள்வோம். தவணை தவறத் தொடங்கினால் தாமதக் கட்டணம், அபராத வட்டி, கடன் மதிப்பெண் சரிவு என்று வரிசையாக வரும். அந்த நிலையில் இருப்பவருக்கு மேலே போட்ட ஒப்பீடு பொருந்தாது, ஏனென்றால் பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டி முடிக்கும் வழி அவருக்கு இல்லை. காலத்தை நீட்டி மூச்சு விடுவது அப்போது சரியான முடிவாகவே இருக்கலாம்.

ஆனால் எவ்வளவு நீட்டுவது என்பதைத் தேவையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து அதே 2,40,000-ஐ இரண்டு வருடத்துக்கு எடுத்தால் தவணை 11,637. கட்டணத்தோடு சேர்த்து மொத்தச் செலவு 44,100, பழைய 53,900-ஐவிடக் குறைவுதான் (முன்கூட்டி அடைக்கும் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்). தாங்கக்கூடிய தவணை எதுவோ, அதற்குள் வரும் மிகக் குறுகிய காலத்தைத் தேடுங்கள். இடையில் கூடுதலாகக் கட்ட அபராதம் இல்லாத கடனாகவும் இருக்கட்டும், நிலைமை சரியானதும் சீக்கிரம் முடித்துவிடலாம்.

வீட்டை வைத்து வாங்கினால் இன்னும் குறைந்த விகிதம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும். ஆனால் கார்டு பாக்கிக்கு எந்தச் சொத்தும் பிணையாக இல்லை. அதை அடமானக் கடனாக, அதாவது கட்டாவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தந்து வாங்கும் கடனாக மாற்றினால், வீட்டுக்கு இல்லாத ஆபத்தை நாமே கொண்டுவந்து வைக்கிறோம். காலமும் பெரும்பாலும் மிக நீளம். 10 சதவீதம்தான் என்றாலும் 15 வருடத்துக்கு 2,40,000 வாங்கினால் வட்டி மட்டும் 2,24,000-ஐத் தாண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் தடுக்கும் இரண்டு கற்கள்

ஒன்று, விகிதத்தைச் சொல்லும் முறை. சிலர் குறையும் பாக்கிக்கு வட்டி போடாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவார்கள். இதை ஃபிளாட் வட்டி என்பார்கள். 80,000-க்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, இரண்டு வருடம் என்றால் வட்டி 19,200, தவணை 4,133. இதைக் குறையும் பாக்கிக் கணக்கில் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 21.6 சதவீதத்துக்குச் சமம். 15-ஐவிட 12 குறைவு என்று நினைத்து மாறுகிறவர் உண்மையில் 21.6-க்குப் போகிறார். எந்தக் குழப்பமும் வராமல் இருக்க, தவணையை மாதங்களால் பெருக்கி அசலைக் கழித்துவிடுங்கள், எந்தப் பெயரில் சொன்னாலும் செலவு தெரிந்துவிடும்.

இன்னொன்று, செயல்முறைக் கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் தொகையிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 80,000 கடன் என்றால் கைக்கு வருவது 78,400. கார்டில் 1,600 பாக்கி நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் சின்னப் பாக்கிக்கும் 3 சதவீதம் ஓடும். அந்தத் தொகையைக் கையிலிருந்து தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டு காலியான பிறகு

ஒருங்கிணைப்பு கெட்டுப்போகும் கதைகளில் நான் அதிகம் பார்த்தது வட்டிக் கணக்குத் தவறு இல்லை. கார்டில் 80,000 அடைத்த அன்றே அந்தக் கார்டில் 80,000 செலவு செய்ய இடம் திறந்துவிடுகிறது. கடன் தீர்ந்த மாதிரி ஓர் உணர்வு, கையில் வெறுமையான கார்டு. தெரிந்தவர் ஒருவருக்கு ஒரே வருடத்தில் அது மறுபடி நிரம்பியது. முன்பு கார்டுக்கு மட்டும் கட்டியவர் இப்போது கார்டுக்கும் கட்டினார், கார்டை அடைக்க வாங்கிய கடனுக்கும் கட்டினார். அவர் ஊதாரி இல்லை, மாதச் செலவு வருமானத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அந்தக் கொஞ்சத்தைத்தான் கார்டு தாங்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி இருக்கிறவரை எந்தக் கடனை எங்கே மாற்றினாலும் மறுபடி கூடும். ஆகவே மாற்றுவதற்கு முன் கடைசி மூன்று கார்டு பில்களை எடுத்து, புதிதாகச் செலவழித்தது கட்டியதைவிட அதிகமா என்று பாருங்கள். அதிகம் என்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது செலவை.

நண்பர் கார்டை மட்டும் மாற்றினார். செலவு வரம்பை 10,000-ஆகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், வாங்கும் செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்டு எண்களையும் அழித்தார். அடைத்த அடுத்த மாதமே கார்டு பில்லில் சுமார் 900 வட்டி என்று வந்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டார். பில் தேதிக்கும் அவர் பணம் கட்டிய தேதிக்கும் நடுவில் இருந்த நாட்களுக்கான வட்டி அது, கார்டுகளில் இது சாதாரணம். முழுத் தொகையும் அடைத்தாயிற்றே என்று அந்தப் பில்லைப் பிரிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அதையும் கட்டினார். அதற்கடுத்த பில்லில் பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகுதான் நோட்டில் முதல் வரியை அடித்தார்.